பள்ளியிலிருந்து வந்த கண் பரிசோதனைச் சீட்டு: அந்த இரண்டு எண்கள் சொல்வது என்ன?

புத்தகப் பைக்குள் நான்காக மடித்த ஒரு துண்டுச் சீட்டு. மாணவியின் பெயர், வகுப்பு, அதற்குக் கீழே ‘வலது கண் 6/6, இடது கண் 6/24. கண் மருத்துவரிடம் காட்டவும்’ என்று ஒரு வரி, தலைமையாசிரியரின் கையெழுத்து. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கல்வியாண்டிலும் பள்ளிகளில் கண் பரிசோதனை நடந்தபின் இப்படிப்பட்ட சீட்டுகள் வீடுகளுக்கு வந்து சேருகின்றன. வந்த சீட்டு என்ன ஆகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

“டிவி நல்லாத்தானே பாக்குறா, இவளுக்கு என்ன கண்ணுல குறை?” என்று அப்பா கேட்பார். “பரீட்சை முடியட்டும், லீவுல பாத்துக்கலாம்” என்று அம்மா சொல்வார். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும், ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமோ தெரியாது. இதெல்லாம் நியாயமான தயக்கங்கள்தான். அந்தத் தயக்கத்தை மீறிக் கிளம்பும்படி சீட்டில் எதுவும் எழுதப்படவில்லை என்பதே குறை. 6/24 என்றால் என்ன, எவ்வளவு நாளுக்குள் போக வேண்டும், போகாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் கிடையாது.

6/6, 6/24 என்றால் என்ன?

இது மதிப்பெண் அல்ல, சதவீதமும் அல்ல. இரண்டுமே தூரத்தைக் குறிக்கும் எண்கள். நெதர்லாந்து கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-ல் வெளியிட்ட எழுத்து அட்டையிலிருந்து வந்த கணக்கு இது. முதல் எண், அட்டைக்கும் குழந்தைக்கும் இடையே இருந்த தூரம்: ஆறு மீட்டர், ஏறக்குறைய 20 அடி. இரண்டாவது எண், குழந்தை கடைசியாகப் படித்த எழுத்தை நல்ல பார்வை உள்ள ஒருவர் எவ்வளவு தூரத்திலிருந்து படிப்பார் என்பது.

ஆக 6/24 என்றால், மற்றவர்கள் 24 மீட்டருக்கு அப்பால் நின்று படித்துவிடும் எழுத்தை, இந்தக் குழந்தை ஆறு மீட்டர் வரை நெருங்கி வந்தால்தான் படிக்க முடிகிறது. இரண்டாவது எண் பெரிதாகப் பெரிதாகப் பார்வை குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டுப் பள்ளிப் பரிசோதனைகளில் பொதுவாக 6/9 வரிசைதான் எல்லைக்கோடு. அந்த வரிசையை ஏதாவது ஒரு கண்ணால் படிக்க முடியாத குழந்தையை அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எழுத்துத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு, ஆங்கில ‘ஈ’ எழுத்தை நான்கு திசைகளிலும் திருப்பி அச்சிட்ட அட்டை இருக்கிறது. அதன் மூன்று கால்களும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையால் காட்டினால் போதும்.

இந்தச் சோதனையைப் பெரும்பாலும் முதலில் செய்பவர், பயிற்சி பெற்ற வகுப்பாசிரியர். அவர் பிரித்தெடுத்த குழந்தைகளைக் கண் மருத்துவ உதவியாளர் மறுபடி பார்ப்பார். 1976-ல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் பள்ளிப் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் உண்டு. தமிழ்நாட்டில் 2009-ல் ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்களும் பள்ளிகளுக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கின்றன. ஏற்பாடு இல்லாமல் இல்லை. பரிசோதனைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருக்கும் ஒரே பாலம் அந்தத் துண்டுச் சீட்டுதான்.

சீட்டில் இருப்பது நோயின் பெயர் அல்ல

பள்ளிப் பரிசோதனை ஒரு சல்லடை. யாரை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று பிரித்துக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. அதனால் அது இரண்டு பக்கமும் தவறலாம்.

நல்ல பார்வை உள்ள குழந்தைக்கும் சீட்டு வரலாம். வகுப்பறை இருட்டாக இருந்திருக்கலாம், அட்டையில் வெயில் பட்டுக் கூசியிருக்கலாம், முதல் வகுப்புக் குழந்தைக்கு என்ன கேட்கிறார்கள் என்றே புரியாமல் இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் “ஒண்ணும் இல்ல, போயிட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இழப்பு அரை நாள்தான்.

மறுபக்கத் தவறுதான் கவலைக்குரியது. குறை உள்ள குழந்தை ‘பாஸ்’ ஆகிவிடலாம். வரிசையில் பின்னால் நிற்கும் பிள்ளைகள், முன்னால் போனவர் சொல்வதைக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஒரு கண்ணை விரலால் மூடச் சொன்னால் விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பார்கள். இடம் போதாத வகுப்பறையில் ஆறு மீட்டருக்கான அட்டையை மூன்று மீட்டரிலேயே மாட்டிவிட்டால், உண்மையில் 6/12 பார்வை உள்ள குழந்தையும் கடைசி வரிசை வரை படித்து 6/6 வாங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. ‘தூரப்பார்வை’ எனப்படும் பிளஸ் பவர் குறை உள்ள குழந்தை, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை இறுக்கிச் சமாளித்து அட்டையைப் படித்துவிடும். இளம் லென்ஸுக்கு அந்த வளைவுத்தன்மை அதிகம். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் புத்தகம் படித்தால் தலைவலி வரும், கண்ணைக் கசக்கும், படிப்பே வேண்டாம் என்று எழுந்துவிடும். சீட்டு வராததாலேயே கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஆனால் சீட்டு வந்துவிட்டால் அதைச் சந்தேகப்பட்டு ஒதுக்குவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

ஒரு கண்ணில் மட்டும் குறை இருந்தால்தான் அவசரம்

இரண்டு கண்ணிலும் 6/18 என்று வந்தால் பெற்றோர் பெரும்பாலும் நம்பிவிடுகிறார்கள். கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, டிவிக்குப் பக்கத்தில் போய் உட்காருவது, கண்ணை இடுக்கிப் பார்ப்பது என்று வீட்டிலேயே அறிகுறி தெரிந்திருக்கும். ஒரு கண் 6/6, இன்னொரு கண் 6/24 என்று வரும்போதுதான் “டெஸ்ட்டுல ஏதோ தப்பு” என்று தோன்றும். ஏனென்றால் அந்தக் குழந்தை எல்லாவற்றையும் சரியாகவே செய்துகொண்டிருக்கும்.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் முழு வேலையையும் பார்த்துவிடும். டிவி தெரியும், கரும்பலகை தெரியும், பந்து பிடிக்கும், சைக்கிள் ஓட்டும். பிறந்ததிலிருந்தே இடது கண்ணில் மங்கலாகத்தான் தெரிகிறது என்றால், அதுதான் இயல்பு என்று குழந்தை நினைத்துக்கொண்டிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அதனிடம் வேறு கண் கிடையாது. அதனால் அது ஒருநாளும் வந்து புகார் சொல்லாது.

இதற்கிடையில் மூளைக்குள் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும். பார்ப்பது கண் மட்டும் செய்யும் காரியம் அல்ல. கண் அனுப்பும் படத்தை வாங்கிப் பிரித்தறிய மூளையின் பின்பகுதியில் உள்ள நரம்புகள் சிறுவயதில் பழக வேண்டும். ஒரு கண்ணிலிருந்து தெளிவான படமும் இன்னொன்றிலிருந்து மங்கல் படமும் வந்துகொண்டே இருந்தால், மூளை தெளிவானதை எடுத்துக்கொண்டு மங்கலை ஒதுக்கிவிடும். நாளடைவில் அந்தக் கண்ணுக்கான நரம்புத் தொடர்புகள் பலம் பெறாமலே போய்விடும். குட்டிப் பூனைகளின் ஒரு கண்ணை மூடிவைத்து டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகியோர் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. பார்வைத் தகவலை மூளை கையாளும் விதம் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நிலையைத்தான் மருத்துவர்கள் ‘ஆம்பிளியோபியா’ என்கிறார்கள். பேச்சுவழக்கில் ‘லேஸி ஐ’, சோம்பேறிக் கண். பெயர் சோம்பேறி என்றாலும் கண்ணின் மீது தப்பு இல்லை. அதற்கு வேலை கொடுக்காமல் விட்டது மூளை. இதில் முக்கியமான விஷயம், இது வெளியே தெரியாது. மாறுகண் இருந்தால் யாராவது கவனிப்பார்கள். இரண்டு கண்ணின் பவரிலும் வித்தியாசம் இருப்பதால் மட்டும் வரும் ஆம்பிளியோபியாவில் கண் பார்க்க அழகாக, நேராக, பளிச்சென்று இருக்கும்.

ஏழு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் மிக நன்றாகக் கிடைக்கும். அதன்பின் வாய்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆனால் ஏழு வயது தாண்டியதும் கதவு சட்டென்று மூடிவிடுவதில்லை. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளில் கண்ணாடியோடு மற்ற சிகிச்சையும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் நால்வரில் ஒருவருக்கு முன்னேற்றம் இருந்தது. எட்டு வயது ஆகிவிட்டதே என்று கைவிட வேண்டியதில்லை. அதே சமயம், “லீவுல பாத்துக்கலாம்” என்று ஒவ்வொரு லீவாகத் தள்ளுவதும் ஆகாது.

சந்தேகம் தீராத பெற்றோர் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். எதிர்ச்சுவரில் தினசரி காலண்டரை மாட்டி, குழந்தையின் ஒரு கண்ணைப் பெரியவரின் உள்ளங்கையால் அழுத்தாமல் முழுவதும் மூடி, தேதிக்குக் கீழே உள்ள சின்ன எழுத்துகளைப் படிக்கச் சொல்ல வேண்டும். பிறகு வேறொரு நாள் தாளை வைத்து மறு கண்ணுக்கும் அதையே செய்ய வேண்டும். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் குழந்தை கையைத் தள்ளிவிடுகிறதா, தலையைத் திருப்பிப் பார்க்க முயல்கிறதா, தடுமாறுகிறதா என்று கவனித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இது மருத்துவரிடம் போவதற்குப் பதில் அல்ல. சீட்டில் எழுதியிருப்பது பொய்யில்லை என்று கண்ணால் கண்டு தெளிவதற்கு மட்டுமே.

ஒரு சீட்டு, ஒரு குழந்தை

எட்டு வயது, மூன்றாம் வகுப்பு மாணவி ஒருவருக்கு வலது கண் 6/6, இடது கண் 6/24 என்று சீட்டு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதை எடுத்துக்கொண்டு பெற்றோர் அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகிறார்கள். அங்கே என்ன நடக்கும்?

முதலில் எழுத்து அட்டையை வைத்து இரண்டு கண்ணையும் தனித்தனியாக மறுபடி பார்ப்பார்கள். கண்கள் நேராக இருக்கின்றனவா என்று டார்ச் அடித்தும், ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்தும் சோதிப்பார்கள். அதற்குப் பிறகு சொட்டு மருந்து. இந்த இடத்தில்தான் பல பெற்றோர் தயங்குகிறார்கள். “கம்ப்யூட்டர்லயே பவர் வந்துடுமே, மருந்து எதுக்கு?” என்ற கேள்வி வரும்.

காரணம், மேலே சொன்ன அதே லென்ஸ். பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் கருவி காட்டும் எண் ஓரளவு சரியாக இருக்கும். குழந்தை அந்தக் கருவிக்குள் பார்க்கும்போதே லென்ஸை இறுக்கிவிடும். அப்போது உள்ள பிளஸ் பவர் மறைந்துவிடும். சில சமயம் இல்லாத மைனஸ் பவர் இருப்பதாகவும் காட்டும். சொட்டு மருந்து அந்த இறுக்கத்தைத் தற்காலிகமாகத் தளர்த்துகிறது. அதன்பின் மருத்துவர் கண்ணுக்குள் ஒளியை அசைத்து, அது திரும்பி வரும் விதத்தை வைத்து உண்மையான பவரைக் கண்டுபிடிப்பார். குழந்தை வாய் திறந்து பதில் சொல்லவே தேவையில்லை. கண்பாவை விரிந்திருப்பதால் விழித்திரையும் நன்றாகத் தெரியும். பார்வைக் குறைவுக்கு வேறு நோய் காரணமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். சீட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போவதில் உள்ள குறை இதுதான்: மருந்து விடாமல் எடுத்த பவரில் ஒரு கண்ணாடி கிடைத்துவிடும், காரணம் கண்டுபிடிக்கப்படாமல் போய்விடும்.

மருந்து விட்டபின் பக்கத்தில் உள்ள எழுத்து மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். சைக்ளோபென்டோலேட் என்ற மருந்தென்றால் ஏறக்குறைய ஒரு நாளில் சரியாகிவிடும். அட்ரோபின் என்றால் ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். எந்த மருந்து என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அடுத்த நாள் பரீட்சை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தொப்பியோ குடையோ எடுத்துப் போவதும் உதவும்.

இந்த மாணவிக்கு வலது கண்ணில் +0.50, இடது கண்ணில் +3.50 என்று வருகிறது. சரியான லென்ஸை வைத்துப் பார்த்தும் இடது கண்ணால் 6/18 வரைதான் படிக்க முடிகிறது. “கண்ணாடி போட்டும் தெரியலையே, அப்புறம் அது எதுக்கு?” என்று அப்பா கேட்பது இயல்பு. பதில் இது: லென்ஸ் படத்தை இன்றே தெளிவாக்கிவிட்டது. அந்தப் படத்தைப் படிக்க மூளை இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஆகும். கண்ணாடியே இங்கே முதல் மருந்து, தூங்கும் நேரம் தவிர நாள் முழுக்கப் போட வேண்டிய மருந்து.

கண்ணாடியை மட்டும் ஒழுங்காகப் போட்டுவந்தாலே நாலு மாதத்துக்குள் பல குழந்தைகளுக்குப் பார்வை ஏறும். ஏற்றம் நின்றுவிட்டால் அடுத்த படி, நல்ல கண்ணை மறைப்பது. ஓட்டக்கூடிய பட்டியை வலது கண்ணின் மேல் ஒட்டிவிட்டு, இடது கண்ணை மட்டும் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். நடுத்தர அளவுக் குறைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மறைப்பதும் ஆறு மணி நேரம் மறைப்பதும் நாலு மாதத்தில் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன என்று, ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் பட்டியைப் பள்ளிக்குப் போட்டுப் போக வேண்டிய கட்டாயம் பல குழந்தைகளுக்கு இல்லை. சாயங்காலம் வீட்டில் படம் வரையும்போதும், மணி கோக்கும்போதும், வீட்டுப்பாடம் எழுதும்போதும் ஒட்டினால் போதும். எத்தனை மணி நேரம் என்பதை அந்தக் குழந்தையைப் பார்த்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் நடக்கும் தவறுகள் மூன்று. குறை உள்ள கண்ணுக்கு ‘ஓய்வு’ கொடுப்பதாக நினைத்து அதன் மேலேயே பட்டியை ஒட்டுவது முதல் தவறு. இது பாதிப்பை அதிகமாக்கும். தோலில் ஒட்டாமல் கண்ணாடியின் மேல் மாட்டுவது இரண்டாவது. குழந்தை ஓரமாக நல்ல கண்ணாலேயே எட்டிப் பார்த்துவிடும். பார்வை ஏறியதும் பரிசோதனைக்குப் போவதையே நிறுத்திவிடுவது மூன்றாவது. சிகிச்சை நிறுத்தியபின் முதல் ஆண்டில் நான்கில் ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி இறங்குவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இறங்கியதை உடனே கண்டுபிடித்தால் மீட்க முடியும்.

இதே மாணவி சீட்டைக் காட்டாமல் விட்டால் என்ன ஆகும்? வலது கண்ணால் படித்துத் தேறுவாள். இருபது வயதில் ஏதோ ஒரு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்வார்கள். காவல்துறை, ராணுவம், ரயில் ஓட்டுநர் என்று பார்வைத் தகுதி கேட்கும் வேலைகள் பல உண்டு. அப்போதுதான் முதல்முறையாகத் தெரியவரும். அந்த வயதில் கண்ணாடி போட்டாலும், லேசர் சிகிச்சை செய்தாலும் கண்ணின் பவரைத்தான் சரிசெய்ய முடியும். மூளை கற்காமல் விட்டது அப்படியே இருக்கும். இதைவிடக் கடுமையானது, வலது கண்ணில் அடிபட்டுவிட்டால் கைகொடுக்க இன்னொரு கண் இல்லாமல் போவது.

வாங்கிய கண்ணாடி ஏன் பையிலேயே கிடக்கிறது?

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணாடியும் வாங்கியபின், அது பையிலேயே கிடப்பதும் உண்டு. “இந்த வயசுலயே போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும்” என்ற பேச்சு ஒரு காரணம். கிட்டப்பார்வையில் பவர் ஏறுவது கண் நீளமாக வளர்வதால். பிள்ளை உயரமாக வளரும் வருடங்களில் கண்ணும் வளரும். கண்ணாடி போடத் தொடங்குவதும் அதே வருடங்களில் என்பதால் ஒன்றுக்கு இன்னொன்று காரணம் என்று தோன்றுகிறது. மலேசியாவில் கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வேண்டுமென்றே குறைந்த பவர் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002-ல் வெளியானது. குறைந்த பவர் போட்டவர்களுக்குப் பவர் ஏறுவது குறையவில்லை, கூடுதலாகவே ஏறியது.

இன்னொரு காரணம் பெண் குழந்தைகளின் வீடுகளில் கேட்கும் பேச்சு: “பொண்ணுக்குக் கண்ணாடி போட்டா நாளைக்கு மாப்பிள்ளை கிடைப்பானா?” எட்டு வயதுப் பெண்ணின் கண்ணைக் காப்பாற்றும் காலத்தை, அவளுடைய இருபத்தைந்து வயதுக் கல்யாணத்துக்காகத் தொலைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. வகுப்பில் ‘சோடாபுட்டி’ என்று கேலி செய்வதும் உண்டு. அதைத் தடுப்பது ஆசிரியரின் வேலை. வகுப்பில் கண்ணாடி போட வேண்டிய பிள்ளைகளின் பட்டியல் ஆசிரியரிடம் இருந்தால், காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போதே “உன் கண்ணாடி எங்கே?” என்று கேட்டுவிடலாம்.

எங்கே போவது, எப்போது உடனே போவது?

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவு இருக்கிறது. சென்னையில், 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. இலவசக் கண்ணாடி கிடைக்குமா, எந்த நாளில் யார் வருவார்கள் என்பதைப் பள்ளியிலேயே கேட்கலாம். போகும்போது சீட்டையும், பழைய கண்ணாடி இருந்தால் அதையும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாதாரணமாக இரண்டு வாரத்துக்குள் போனால் போதும். ஆனால் கண்பாவையில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தாலோ, போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ, புதிதாக மாறுகண் வந்தாலோ, பார்வை திடீரென்று குறைந்தாலோ, தலைவலியோடு வாந்தியும் இருந்தாலோ அன்றே போக வேண்டும். இவை கண்ணாடியோடு முடியும் விஷயங்கள் இல்லாமல் இருக்கலாம்.

பள்ளிகள் மாற்ற வேண்டியது ஒரு சீட்டை

பெற்றோர் அலட்சியம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ‘கண் மருத்துவரிடம் காட்டவும்’ என்ற ஒற்றை வரிக்கு ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுங்கள் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் குறைவு. காரணம் சொன்னால் போவார்கள். அதற்குப் புதிய திட்டமோ தனி நிதியோ தேவையில்லை. சீட்டில் ஏழெட்டு வரிகள் கூடுதலாக இருந்தால் போதும், அடியில் மருத்துவர் எழுதித் திருப்பி அனுப்ப ஓர் இடம் இருந்தால் போதும். திரும்பி வராத சீட்டு யாருடையது என்று வகுப்பாசிரியருக்குத் தெரிந்துவிடும். அந்த வீட்டுக்கு ஒரு போன் செய்யலாம். சீட்டு இப்படி இருக்கலாம்:

“அன்புள்ள பெற்றோருக்கு, உங்கள் மகளுக்கு எங்கள் பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. வலது கண் 6/6: நன்றாகத் தெரிகிறது. இடது கண் 6/24: மற்ற பிள்ளைகள் 24 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார். இது முதல் கட்டப் பரிசோதனை மட்டுமே. காரணத்தைக் கண் மருத்துவர்தான் சொல்ல முடியும். வலது கண் நன்றாக இருப்பதால் வீட்டில் உங்களுக்குக் குறை தெரியாமல் இருக்கலாம். இந்த வயதில் கவனித்தால் பார்வையை மீட்க நல்ல வாய்ப்பு உண்டு, தள்ளிப்போட்டால் அது குறையும். இரண்டு வாரத்துக்குள் அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் காட்டுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதிப்பார்கள், அன்று எழுத்து மங்கலாகத் தெரிவது இயல்பு. அன்றைக்குப் பள்ளிக்கு வர வேண்டியதில்லை. கீழே உள்ள பகுதியை மருத்துவரிடம் நிரப்பி வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளிக்கு போன் செய்யுங்கள்.”

அடியில் நான்கு கோடுகள்: பார்த்த தேதி, கண்ணாடி தேவையா, பட்டி ஒட்ட வேண்டுமா, அடுத்து எப்போது வர வேண்டும். அரைப் பக்கத் தாளில் இதெல்லாம் அடங்கிவிடும்.